டப்பா பாலிஷ் தோலைக் கெடுக்காது, தடவும் விதம்தான் கெடுக்கும்

"டப்பாவில் வரும் வேக்ஸ் பாலிஷ் தோலை வெடிக்க வைக்கும். ஸ்கூல் ஷூ, ஆபீஸ் ஷூ எல்லாத்துக்கும் கிரீம் மட்டும் போடுங்க."

இப்படி ஒருவர் எழுதியிருந்தார். பாதி சரி. வெடிப்பது பெரும்பாலும் தோல் அல்ல, மேலே படிந்த மெழுகு. விரல் மடியும் இடத்தில் தினமும் கனமாக அப்பினால் மெழுகு விரிந்து வெள்ளைக் கோடு தெரியும். என் ஆபீஸ் ஷூவில் அப்படி ஆனபோது, டர்பன்டைன் தொட்ட துணியால் லேசாகத் துடைத்ததும் கோடு போய்விட்டது. அடியில் தோல் நன்றாகவே இருந்தது. துடைத்தும் பிளவு தெரிந்தால் அது தோல் வெடிப்பு, எந்தப் பாலிஷும் ஒட்டவைக்காது.

கிரீம் தோலுக்குள் கொஞ்சம் இறங்கி மென்மையும் நிறமும் தரும். ஆனால் பளபளப்பு குறைவு, மழைத்தண்ணீரையும் அவ்வளவாகத் தடுக்காது. அதனால் நான் இரண்டையும் போடுகிறேன். தூசியைத் துடைத்து, பட்டாணி அளவு கிரீமை ஷூ முழுக்கத் தேய்த்து, பத்து நிமிடம் கழித்து பிரஷ். அப்புறம் முனையிலும் குதிகாலிலும் மட்டும் மெல்லிசாக வேக்ஸ். மடிப்பில் வைக்கவே மாட்டேன்.

இன்னொருவர் தன் மகனின் ஷூவில் கிரீம் பிசுபிசுப்பாகவே நிற்கிறது என்றார். வெட்டு விளிம்பைப் பாருங்கள்: நார் இல்லாமல் துணி நெசவு தெரிந்தால் அது ரெக்சின். அதில் கிரீம் இறங்காது, ஈரத்துணியே போதும். வெள்ளைக் கீறல் விழுந்திருந்தால் கறுப்பு வேக்ஸ் கொஞ்சம் மறைக்கும், எத்தனை நாள் நிற்கும் என்பது பையனின் கால்பந்தைப் பொறுத்தது.