முதுகுக் கொப்புளமும் நார்த் தேய்ப்பும்

“முதுகிலும் பிட்டத்திலும் வரும் கொப்புளம் உடல்சூட்டால் வருவது, நார் போட்டு அழுத்தித் தேய்த்தால் போய்விடும்.”

இது தவறு. கொப்புளத்தை உற்றுப் பார்த்தால் பெரும்பாலும் நடுவில் ஒரு முடி தெரியும். வியர்வையில் ஊறிய இறுக்கமான துணி உரசி மயிர்க்கால் வாய் புண்ணாகி, தோலிலேயே வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி அதற்குள் இறங்குவதால் வரும் அழற்சி அது. நார் அந்தப் புண்ணை மேலும் கீறிக் கிருமியைப் பக்கத்து மயிர்க்கால்களுக்கும் பரப்பும் என்பதால், தயவுசெய்து தேய்க்காதீர்கள்.

நாள் முழுதும் ரெக்சின் இருக்கையில் பாலியஸ்டர் கால்சட்டையுடன் அமர்ந்திருக்கும் ஓட்டுநர், வேலை முடிந்ததும் மிதமான சோப்பை உள்ளங்கையால் பூசிக் குளித்து, நன்றாகத் துடைத்து, துவைத்த தளர்வான பருத்தி உடைக்கு மாறினாலே பெரும்பாலும் போதும். மார்பிலும் முதுகிலும் எல்லாம் ஒரே அளவாக வந்து அரிக்கும் பருக்கள் பூஞ்சையாலும் வரலாம். அவற்றை ஆன்டிபயாடிக் ஆற்றாது. வலியுள்ள கட்டியோ காய்ச்சலோ இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.