ஏழரை முடியட்டும் என்று கல்யாணத்தைத் தள்ளுவதற்கு முன்

பெண் பார்த்து, பொருத்தம் பார்த்து, இரண்டு வீட்டாரும் தேத்தண்ணி குடித்து முடிந்த பிறகுதான் யாராவது ஒரு மாமா தொண்டையைச் செருமுவார். "பொண்ணுக்கு ஏழரை நடக்குதாமே?" அவ்வளவுதான், அதோடு பேச்சு நின்றுவிடும். ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவைப் பக்கம் கல்யாண வயதில் பிள்ளை இருக்கிற வீடுகளில் இந்தக் கதை புதிதில்லை.

நான் ஜோசியத்தைப் பெரிதாக நம்புகிறவன் இல்லை. சனிக்கிழமை தோட்டத்துக் கோயிலில் எள் விளக்கு ஏற்றுகிற அம்மாவைக் கேலி செய்கிறவனும் இல்லை. நம்புகிறவர்கள் எதை நம்புகிறோம் என்று தெரிந்துகொண்டு நம்பலாமே என்பதுதான் என் கட்சி.

கணக்கு சின்னதுதான். சனி பன்னிரண்டு ராசியையும் சுற்றி வர ஏறக்குறைய 29½ வருடம் ஆகும். ஒரு ராசியில் சுமார் 2½ வருடம். நம் ராசிக்கு முந்திய ராசியில் இருக்கும்போது விரயச் சனி, நம் ராசியிலேயே இருக்கும்போது ஜென்மச் சனி, அடுத்த ராசியில் பாதச் சனி. மூன்றையும் கூட்டினால் ஏழரை. அப்படியென்றால் எந்த நாளை எடுத்தாலும் பன்னிரண்டில் மூன்று ராசிக்கு ஏழரை நடந்துகொண்டேதான் இருக்கும். ஊரில் நாலு பேரில் ஒருவருக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு இரண்டு ஜாதகம் வேண்டுமே. இரண்டில் ஒன்றிலாவது ஏழரை இருப்பதற்கான வாய்ப்பு பதினாறில் ஏழு, அதாவது நூறு ஜோடிக்கு 44 ஜோடி. நம் ராசிக்கு எட்டாவது ராசியில் சனி நிற்கிற அட்டமச் சனியையும் சேர்த்தால் பாதியைத் தாண்டிவிடும். நம் அப்பா அம்மா, தாத்தா பாட்டி கல்யாணங்களில் எத்தனையோ ஏழரையில்தான் நடந்திருக்கும். அப்போது யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இனி எங்கள் சொந்தத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பெண்ணுக்குத் திருவோணம், மகர ராசி. தோட்டப் பாடசாலையில் டீச்சர். மாப்பிள்ளை வீடு மஸ்கெலியா, வேலை கொழும்பில். போன வருடம் ஆவணியில் எல்லாம் பேசி முடிகிற நேரத்தில் மாப்பிள்ளை வீட்டு ஜோசியர், "மகரத்துக்கு ஏழரை இன்னும் முடியல, 2026 மார்ச் 6 வரைக்கும் பொறுங்க" என்றுவிட்டார். பெண் வீட்டு ஐயரிடம் கேட்டால், "அது 2025 மார்ச் 29-ஓட முடிஞ்சு போச்சே" என்கிறார். இரண்டு வீட்டுக்கும் கோபம். எங்களை ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று அவர்கள், இல்லாத தோஷத்தைக் கட்டிவிடுகிறார்கள் என்று இவர்கள்.

ஆனால் இருவர் சொன்னதிலும் பிழையில்லை. மாப்பிள்ளை வீட்டு ஜோசியர் பார்த்தது வாக்கிய பஞ்சாங்கம், இந்த ஐயர் பார்த்தது திருக்கணிதம். வாக்கியம் பழைய சூத்திரங்களை அப்படியே வைத்துக் கணிப்பது; திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி கொண்டாடுவது அதன்படிதான். திருக்கணிதம் வானத்தில் கோள் நிற்கும் இடத்தை ஒட்டித் திருத்திக் கணிப்பது. சனி கும்பத்தை விட்டு மீனத்துக்குப் போன நாளில் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரு வருட வித்தியாசம். அந்த ஒரு வருடத்துக்குள் ஒரே பெண் ஒரு புத்தகத்தின்படி ஏழரைக்காரி, இன்னொரு புத்தகத்தின்படி ஏழரை முடிந்தவள். மேஷ ராசிக்காரர்களுக்கு இதே சிக்கல் தலைகீழாக: திருக்கணிதப்படி 2025 மார்ச்சில் தொடங்கியது, வாக்கியப்படி 2026 மார்ச்சில்தான் தொடங்கியது.

ஆகவே யாராவது "ஏழரை" என்றால் முதலில் கேட்க வேண்டியது, எந்தப் பஞ்சாங்கம்? அடுத்தது, எந்தக் கட்டம்? விரயமா, ஜென்மமா, பாதமா? பாதச் சனியில் கடுமை குறையும் என்று ஜோசியர்களே பலர் சொல்கிறார்கள். விரயச் சனியிலோ, எப்படியும் காசு கையை விட்டுப் போகத்தான் போகிறது, அதைக் கல்யாணம், வீடு என்று சுபச் செலவாக ஆக்கிவிடுங்கள் என்று சொல்கிற ஜோசியர்கள் நிறையப் பேர். சாஸ்திரம் பேசுகிறவர்களே கல்யாணம் செய் என்று சொல்கிற காலத்தைக் காட்டி நாம் கல்யாணத்தைத் தள்ளுகிறோம்! இன்னொன்றும் உண்டு. தினம், கணம், யோனி, ரஜ்ஜு என்று பார்க்கிற பத்துப் பொருத்தத்தில் ஏழரைச் சனி என்று ஒரு பொருத்தமே இல்லை. அது கோசாரம், அதாவது இன்றைக்குக் கோள் நிற்கும் இடம். கல்யாண காலத்துக்குத் தசா புக்தியையும் குருபலனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் அந்தத் துறையின் சொந்த விதி. சனியை மட்டும் பார்த்து இரண்டே நிமிடத்தில் "வேண்டாம்" என்கிறவர் தன் வேலையையே பாதிதான் செய்திருக்கிறார்.

எனக்கு உண்மையில் எரிச்சல் வருகிற இடம் வேறு. ஏழரை என்ற பேச்சு ஏறக்குறைய எப்போதும் பெண் பக்கமே திரும்புகிறது. மாப்பிள்ளைக்கு ஏழரை என்றால் "பரவாயில்ல, பொண்ணு வந்த நேரம் சரியாகிடும்" என்பார்கள். பெண்ணுக்கு என்றால் அதே வாய் "வீட்டுக்குக் கொண்டு வந்துடுமோ" என்று கேட்கும். சரி, கல்யாணம் நடந்துவிட்டது என்றே வையுங்கள். மாமனாருக்கு நெஞ்சுவலி வந்தாலும் மகனுக்கு வேலை போனாலும் "அவ கால் வெச்ச நேரம்" என்று அவள் தலையில்தான் விழும். எங்கள் டீச்சரின் ஏழரை 2017 கடைசியில் தொடங்கியதாக வைத்துக்கொண்டால், 2020 கொரோனா, 2022-இல் காஸ் வரிசை, மண்ணெண்ணெய் வரிசை, மா விலை எல்லாம் அதற்குள்தான் வருகின்றன. அந்த வரிசைகளில் நின்றது மகர ராசி மட்டுமா? லயத்தில் எல்லா ராசியும்தானே நின்றது. அதே ஏழரையில்தான் அந்தப் பிள்ளை ஏ.எல். எழுதி, கல்வியியற் கல்லூரி போய், நியமனமும் வாங்கினாள். அதை யாரும் சனி கொடுத்தது என்று சொல்லவில்லை.

ஏழரை என்பது சில நேரம் மரியாதையான மறுப்பும்கூட. நகை போதவில்லை, பையனுக்கு வேறு இடத்தில் மனம், வீட்டில் கடன் என்று வெளியே சொல்ல முடியாததைச் சனி மேல் போட்டுவிடுவார்கள். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. "எந்தத் தேதிக்கு முடியுது? அன்றைக்குப் பிறகு முகூர்த்தம் வைக்கலாமா?" என்று கேளுங்கள். தேதி சொல்லி, சரி என்றால் அது நம்பிக்கை, மதிக்கலாம். தேதி வந்ததும் இன்னொரு காரணம் முளைத்தால் சனிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. காத்திருப்பதை விட்டுவிட்டு வேறு இடம் பார்க்கலாம்.

பரிகாரம் பற்றி ஒரு வரி. எள் விளக்கு, காகத்துக்குச் சோறு, ஒரு நாள் ராம்பொடை ஆஞ்சநேயரைப் பார்த்துவிட்டு வருவது, இதெல்லாம் மனதுக்கு ஆறுதல், யாருக்கும் நட்டமில்லை. சீட்டுக் காசை எடுத்து, தோட்டை அடகு வைத்துச் செய்யச் சொல்கிற "விசேஷ சாந்தி" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். விரயச் சனி என்று சொல்லி அந்த விரயத்தை அவரே உண்டாக்குகிறார்.

எங்கள் கதையில் பெண்ணின் பெரியப்பா இரண்டு பஞ்சாங்கத்தையும் வாங்கிக்கொண்டு மஸ்கெலியாவுக்கே போனார். சண்டை போடவில்லை. இரண்டிலும் சனிப்பெயர்ச்சிப் பக்கத்தை விரித்துச் சம்பந்தி முன்னால் வைத்தார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மாறி மாறிப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா மட்டும், "எனக்கு வாக்கியம்தான் மனசுக்கு ஒப்புது தம்பி" என்றார். சரி, அந்த அம்மாவின் மனசும் முக்கியம்தானே. ஐப்பசியில் ரெஜிஸ்டர் செய்துவிட்டு, தாலி கட்டுவதை வாக்கியத் தேதிக்குப் பிறகு வைத்துக்கொள்வது என்று முடிவானது. ஹோலுக்கு அட்வான்ஸ் கட்டியாகிவிட்டது, முகூர்த்தம் ஆவணியில். குரு அப்போது கடகத்தில் இருந்து மகரத்தைப் பார்க்கிறாராம். இரண்டு ஜோசியர்களும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் அதுதான்.