லேசான கணக்கு கொடுத்தால் சரியாகிவிடுமா?

"கணக்கில் தோற்றுத் தோற்று மனசு விட்டுப்போன பிள்ளைக்கு லேசான கணக்காகக் கொடுங்க. நாலு தடவை ஜெயிச்சா தானா தேறிடும்."

தேறாது. அமெரிக்க உளவியலாளர் கரோல் டுவெக் 1975இல் வெளியிட்ட ஆய்வில், இப்படித் துவண்ட 12 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதிக்கு வெற்றி மட்டுமே. மறு பாதிக்கு நடுநடுவே சில தோல்விகள். ஒவ்வொன்றுக்கும் 'இன்னும் கொஞ்சம் முயன்றிருக்கலாம்' என்று காரணமும் சொல்லப்பட்டது. அப்புறம் கணக்கு தப்பியபோது, ஜெயித்தே பழகியவர்கள் பழையபடி தடுமாறினார்கள். மற்றவர்கள் தொடர்ந்து போட்டார்கள்.

ஆனால் ராத்திரி முழுக்கப் படித்த பிள்ளையிடம் 'முயற்சி போதாது' என்றால், 'அப்போ நான் மக்குதான்' என்றே அதன் காதில் விழும். அதற்குப் பதில், எந்த இடத்தில் தப்பியது என்று காட்டுங்கள். 52-இல் 27 போக 35 என்று போட்டிருந்தால், 'கடன் கொடுத்த 5 இப்போது 4' என்று நோட்டில் எழுதுங்கள்.