துடிப்பு சரியெண்டால் எச்.ஆர்.வி.யும் சரியோ?

இதயத்துடிப்பை அளக்கும் மணிக்கூடு, மோதிரம், நெஞ்சுப்பட்டி பற்றி இப்படி ஒரு செய்தி பகிரப்படுகிறது: “மணிக்கூடு காட்டுற இதயத்துடிப்பு சரியெண்டால் எச்.ஆர்.வி.யும் சரிதான். மோதிரமும் நெஞ்சுப்பட்டியும் வீண்செலவு. எல்லாருக்கும் பகிருங்கோ.”

இது தவறு. எச்.ஆர்.வி. என்பது அடுத்தடுத்த துடிப்புகளுக்கு இடையிலான நேரம் எவ்வளவு மாறுகிறது என்ற கணக்கு. நான்கு இடைவெளிகள் 800, 820, 790, 810 மில்லிசெக்கன் என்று வைப்போம். அடுத்தடுத்த இடைவெளிகளின் வித்தியாசங்களை வைத்துக் கணக்கிடும் எச்.ஆர்.வி. அளவான RMSSD ஏறக்குறைய 24. நடுவில் ஒரு துடிப்பை மணிக்கூடு 30 மில்லிசெக்கன் பிந்திக் குறித்தால் அவை 800, 850, 760, 810 ஆகும். நிமிடத்துக்குச் சுமார் 75 துடிப்பு என்பது அப்படியே இருக்கும். RMSSD மட்டும் 66க்குத் தாவிவிடும்.

மணிக்கூடும் மோதிரமும் ஒளியால் இரத்த ஓட்டத்தைப் பார்ப்பவை. பண்ணைப் பாலத்தில் சைக்கிள் ஓடும்போது கைபிடியின் அதிர்வே அந்த அலையைக் குழப்பப் போதும். அசையாமல் நித்திரை கொள்ளும்போது இரண்டும் பரவாயில்லை. இரவுப் போக்கை மட்டும் பார்ப்பவருக்கு, இறுக்கமாகப் பொருந்தினால், மோதிரம் வசதி. நெஞ்சுப்பட்டி இதயத்தின் மின்சமிக்ஞையையே எடுக்கிறது. எச்.ஆர்.வி. எண்ணைப் பார்த்துப் பயிற்சியைத் திட்டமிடுபவருக்கு அதுதான் பொருத்தம், ஆனால் மின்முனைகளை நனைத்துத்தான் கட்டவேண்டும். துடிப்பு ஒழுங்கற்றவருக்கு எந்தக் கருவியின் எண்ணும் ஏமாற்றும்.

சோதிக்க, காலையில் படுத்தபடி 5 நிமிடம் பட்டியையும் மணிக்கூட்டையும் ஒன்றாகப் போட்டு RMSSDஐ ஒப்பிடுங்கள். பிறகு கையை ஆட்டியபடி இன்னொருமுறை. அந்தச் செய்தியை இனிப் பகிரவேண்டாம்.