அந்தக் குப்பைப் பையை அவர் எங்கே கொண்டுபோய் வைத்திருக்க வேண்டும் என்கிறீர்கள்?

செவ்வாய்க்கிழமை வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நான் திரும்பப் பகிரப்போவதில்லை. எழுபது வயதுப் பெண்மணி பதினொரு நாள் குப்பையை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டுபோய் சபைக் கட்டிடத்து வாசலில் இறக்கியதைப் பார்த்துச் சிரித்தவர்களில் என் நண்பர் பட்டியலில் இருப்பவர்கள் மட்டும் பதினேழு பேர். எண்ணினேன். வேறு வேலை இருக்கவில்லை.

என்னை எரிச்சல்படுத்தியது சிரிப்பல்ல, அதற்குக் கீழே சபை சார்பில் ஒருவர் எழுதிய பதில்தான். "அப்பகுதியில் கழிவு சேகரிப்பது கொந்தராத்து நிறுவனத்தின் பொறுப்பு." உடனே ஐம்பது பேர், "அதுதானே, சபையைத் திட்டி என்ன பயன்?"

பயன் இருக்கிறது. வேலையைக் கொந்தராத்துக்குக் கொடுக்கலாம், கடமையைக் கொடுக்க முடியாது. மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தின் 129ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். தெருக் குப்பையையும் வீட்டுக் குப்பையையும் அகற்றும் கடமை சபைக்கு என்றுதான் இருக்கிறது. சபை தன் லொறியில் அள்ளுகிறதா, வாடகை லொறியில் அள்ளுகிறதா என்பது சபையின் வசதி. அள்ளப்படாவிட்டால் பதில் சொல்ல வேண்டியது சபை. நகர சபைக்கும் பிரதேச சபைக்கும் அவரவர் சட்டத்தில் இதே மாதிரிப் பிரிவு உண்டு. அந்தப் பதிலை எழுதியவர் இதை வாசிக்காமலா வேலைக்கு வந்தார்?

எனக்கு இது கேள்விப்பட்ட கதையல்ல. ஒரு சபையின் கணக்குப் பகுதியில் ஆறு வருடம் இருந்தேன். எந்தச் சபை என்று கேட்காதீர்கள். மாதக் கடைசியில் கொந்தராத்துக்காரரின் பில் வரும், எடைச்சீட்டுக்கட்டோடு. பணம் தொன்னுக்கு இவ்வளவு என்று. இங்கேதான் விஷயமே இருக்கிறது. தொன்னுக்குக் காசு என்றால் லொறி எங்கே போகும்? ஹோட்டல், சந்தை, பிரதான வீதி. அங்கே நின்ற இடத்திலேயே பாதி லொறி நிரம்பும். எங்கள் ஒழுங்கை மாதிரி இடத்தில் பின்பக்கமாக இருநூறு மீற்றர் வர வேண்டும், வந்தால் கிடைப்பது வீட்டுக்கு ஒரு பை. டீசலுக்கே கட்டாது. அதனால் ஒழுங்கை விடுபடுகிறது, ஆனால் மாதத் தொன் கணக்கு குறைவதில்லை. மழைக்காலத்தில் ஈரக் குப்பை, கணக்கு இன்னும் கூடும்! பில்லை மட்டும் பார்க்கிறவருக்கு எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும்.

அந்த பில்லுக்கு மேலே மேற்பார்வையாளர் "வேலை திருப்திகரம்" என்று கையெழுத்து வைத்தால்தான் வவுச்சர் நகரும். ஒப்பந்தத்தில் தவறவிட்ட நாளுக்குத் தண்டப்பணம் வெட்டலாம் என்று ஒரு வாசகமும் இருந்தது. ஆறு வருடத்தில் அதை வெட்டியதை நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. திருப்திகரம், திருப்திகரம், திருப்திகரம். யாருக்குத் திருப்தி என்று கேட்கிற இடத்தில் நான் இருக்கவில்லை. நானும் அந்த வவுச்சர்களுக்கு நம்பர் போட்டவன்தான், அதை ஒளிக்கவில்லை.

சரி, "அப்போ தனியார் வேண்டாம், பழையபடி சபையே அள்ளட்டும் என்கிறீரா?" என்று கேட்பீர்கள். இல்லை. பழையபடி என்ன நடந்தது என்று தெரியும். வரவுப் புத்தகத்தில் நாற்பது பெயர், தெருவில் பதினைந்து பேர். தனியார் லொறி வந்தபிறகு பிரதான வீதிகள் துப்புரவானது உண்மை. யார் அள்ளுவது என்பதல்ல என் சண்டை. அள்ளாதபோது யாரைப் பிடிப்பது என்பதுதான்.

"பாவம், அந்தத் தொழிலாளர்கள்" என்று எழுதியவர்களுக்கு என்ன சொல்ல? அந்த அன்டி தொழிலாளியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வீடியோவை முழுதாகப் பாருங்கள், தயவுசெய்து.

"வழக்குப் போட வேண்டியதுதானே" என்றார் ஒரு சட்டம் தெரிந்த தம்பி. போடலாம் தம்பி, ஆனால் யார்மேல்? அடிப்படை உரிமை மனு நிறைவேற்று அல்லது நிர்வாகச் செயலுக்கு எதிராகத்தான், அதுவும் ஒரு மாதத்துக்குள். கொந்தராத்துக்காரர் முதல் நாளே "நான் தனியார் கம்பெனி" என்பார். 1987இல் எயார் லங்கா வழக்கில் உயர் நீதிமன்றம் கம்பெனி என்ற திரைக்குப் பின்னால் அரசு நிற்பதைப் பார்த்து, அது அரசின் செயல்தான் என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் அந்தக் கம்பெனி அரசினுடையது. குப்பை லொறிக்காரர் அப்படியில்லை. அந்த இடைவெளிக்குள்தான் எங்கள் பதினொரு பைகளும் கிடந்தன. ஆகவே பிடிக்க வேண்டியது சபையை. அரசியலமைப்பின் 140ஆம் உறுப்புரையின் கீழ் ரிட் மனு, "உன் சட்டக் கடமையைச் செய்" என்று.

நடக்குமா என்பவர்களுக்கு, 2024 விசா விவகாரம் ஞாபகம் இருக்கட்டும். விசா வேலையை வெளிக் கம்பெனிகளிடம் கொடுத்தார்கள். அடிப்படை உரிமை மனுக்கள் போய், ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்து, பழைய முறைக்கே திரும்பச் சொன்னது. திரும்பவில்லை. செப்டெம்பரில் நீதிமன்ற அவமதிப்புக்காக விளக்கமறியலுக்குப் போனவர் யார்? கம்பெனிக்காரரா? குடிவரவு குடியகல்வுக் கட்டுப்பாட்டாளர் நாயகம். கடமை அவருடையது.

ஆனால் வழக்குக்குக் காசும் வேண்டும், அந்த வயதில் தெம்பும் வேண்டும். அதற்கு முன்னால் ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம். அதன் 43ஆம் பிரிவில் "பகிரங்க அதிகாரசபை" என்பதற்கான வரைவிலக்கணத்தில், அரசோடு அல்லது உள்ளூராட்சி அமைப்போடு ஒப்பந்தம் செய்து பொதுச் சேவை நடத்தும் தனியார் நிறுவனமும் அந்தச் சேவை அளவுக்கு அடங்கும். அதாவது கம்பெனிக்காரர் வேறு என்ன வியாபாரம் செய்கிறார் என்று கேட்க முடியாது, எங்கள் ஒழுங்கைக்கு லொறி வந்த நாட்களைக் கேட்கலாம்.

போன வருடம் நான் சபையிடம் கேட்டேன். ஒப்பந்தப் பிரதி, ஒழுங்கை வாரியாக லொறி ஓட்டப் பதிவு, வெட்டிய தண்டப்பணம் எவ்வளவு. பதினான்கு வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். வந்தது முடிவு: "வணிக இரகசியம்." என் வீட்டுக் குப்பை வணிக இரகசியமாம்! நான் கட்டுகிற சோலைவரியும் இரகசியமாக இருந்தால் நன்றாயிருக்கும். பதினான்கு நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு போட்டேன், பொது நலன் மேலோங்கினால் அந்த விலக்கு நிற்காது என்று 5ஆம் பிரிவைக் காட்டி. அங்கும் மறுத்தால் ஆணைக்குழு இருக்கிறது. அவ்வளவு தூரம் போகவில்லை, தாள்கள் வந்தன. தண்டப்பணம் என்ற இடத்தில் ஒரு கோடு. ஒழுங்கை வாரியான பதிவு "பேணப்படுவதில்லை". பேணாத பதிவை வைத்து எப்படித் திருப்திகரம் என்று கையெழுத்து வைத்தீர்கள் என்று கேட்டு இன்னொரு கடிதம் போட்டேன். பதில் இல்லை.

"இவருக்கு வேறு வேலை இல்லை" என்று அதற்கும் யாராவது எழுதுவீர்கள். எழுதுங்கள். அந்த அன்டிதான் எனக்கு ஓ.எல். கணக்குப் படிப்பித்தவர், ஒரு சதமும் வாங்காமல். அந்த வீடியோவில் அவருடைய முகத்தை உற்றுப்பார்த்திருந்தால் கோபம் தெரியாது, வெட்கம்தான் தெரியும். வாசலில் பையை இறக்கிவிட்டுக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தாரே, அதற்கும் ஒருவர் சிரிப்பு ஸ்டிக்கர் போட்டிருக்கிறார். அவர் யார் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

நேற்று இரவு அன்டியுடன் உட்கார்ந்து புதிய விண்ணப்பம் எழுதினோம், தமிழிலேயே. இந்த முறை இரண்டு பிரதி: ஒன்று சபைக்கு, ஒன்று கம்பெனிக்கு. தேதிகளை அவரே சரிபார்த்தார், கணக்கு டீச்சர் அல்லவா. திங்கட்கிழமை காலை கொடுக்கப் போகிறோம், கிடைத்ததற்கான எழுத்து வாங்கிக்கொண்டுதான் திரும்புவோம். எழுந்திருக்கும்போது கேட்டார், "தம்பி, இன்றைக்கும் லொறி வரேல்லை. திங்கட்கிழமை பையையும் கொண்டு வரவா?"