கடைசி மாதத்தைத் தள்ளுவது எந்த மொமெண்டத்துக்கு?

“மொமெண்டம் எதுவானாலும் 12 மாத ஏற்றத்தைப் பார்க்கணும், கடைசி மாதத்தைத் தள்ளியே ஆகணும்.” (குன்னூர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி)

மொமெண்டம் என்றால் இதுவரை ஏறியது இன்னும் ஏறும், இறங்கியது இன்னும் இறங்கும் என்று நம்பி முதலீடு செய்வது. அந்தச் செய்தி பாதிதான் சரி. பங்குகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் முறைக்கு மட்டும் அது பொருந்தும்.

பெட்ஃபோர்ட் டீக்கடையில் நண்பர் ஒருவரின் நோட்டில் கணக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு பங்குகளும் ஓராண்டுக்கு முன் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதல் பங்கு போன மாதம் 140, இன்று 119. இரண்டாவது போன மாதம் 110, இன்று 132. முழு 12 மாதம் பார்த்தால் இரண்டாவதுதான் முந்துகிறது: 32%, மற்றது 19%. கடைசி மாதத்தை விட்டால் முதல் பங்கு 40%, இரண்டாவது 10%. வரிசையே தலைகீழ்!

தள்ளுவதற்குக் காரணம் உண்டு. யாரோ அவசரமாக நிறைய விற்றால் தனிப்பங்கின் விலை தேவைக்கு மேல் இறங்கி, அடுத்த மாதம் ஓரளவு மீளும். அவசரமாக வாங்கினாலும் இப்படித்தான், எதிர்த்திசையில். இந்தக் குறுகிய கால எதிர்வினை 12 மாதப் போக்கைக் கலக்கிவிடும்.

காலத்தொடர் மொமெண்டம் வேறு. அதில் ஒவ்வொன்றும் தன் பழைய விலையோடு மட்டும் ஒப்பிடப்படுகிறது. வட்டியைவிட அதிகம் ஏறியிருந்தால் வாங்கு, இல்லையென்றால் விற்பனைப் பக்கம். மாஸ்கோவிட்ஸ், ஊய், பெடர்சன் என்ற ஆய்வாளர்கள் 2012இல் வெளியான ஆய்வில் 58 ஃபியூச்சர்ஸ், ஃபார்வர்டு ஒப்பந்தங்களில் இதைச் சோதித்தபோது கடைசி மாதத்தைத் தள்ளவில்லை. அங்கே அந்த மாதமும் போக்கின் திசையையே காட்டியது. அதைத் தள்ளினால் திருப்பம் தாமதமாகத்தான் கண்ணில் படும்.