பேக்கரி முகப்பில் பொத்தானை முதலில் எழுதுங்கள்

ஒரு பேக்கரிக்கு இணையதளம் செய்துகொடுத்தேன். முதல் திரையில் பெரிய எழுத்தில் 'அன்போடு சுட்டது' என்று ஒரு தலைப்பு. பின்னால் ஐந்து படங்கள் ஓடும் ஸ்லைடர். கீழே 'எங்கள் கதை', 'வகைகள்', 'தொடர்புகொள்ள' என்று மூன்று பொத்தான்கள். உரிமையாளருக்குப் பிடித்திருந்தது, எனக்கும்தான். ஆனால் தளம் வந்த பிறகும் கடைக்கு வரும் போன் குறையவே இல்லை. பாதிப் பேர் கேட்டது ஒரே கேள்வி: "நாளைக்கு ஒரு கேக் வேணும், இப்போ சொன்னா கிடைக்குமா?"

பதில் தளத்தில் இருந்தது. 'வகைகள்' பக்கத்தில், அடியில், சின்ன எழுத்தில்.

அதிலிருந்து நான் வேலையைத் தலைகீழாகத்தான் தொடங்குகிறேன். முதலில் பொத்தான். வருகிறவர் செய்ய வேண்டிய ஒரே காரியம் எது என்று கடைக்காரரோடு உட்கார்ந்து முடிவு செய்தால், தலைப்பும் படமும் அதன் பின்னாலேயே வந்துவிடும். இந்தக் கடைக்கு அது முன்பதிவு. ஆகவே பொத்தானில் 'நாளைக்கு கேக் சொல்ல'. 'மேலும் அறிய' என்று போட்டால் அழுத்தியபின் என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. (ஆட்கள் நேரில் வந்து பன் வாங்கிப்போகும் கடையென்றால் 'கடைக்கு வழி' என்பதே சரியான பொத்தான். முன்பதிவை அங்கே திணிக்கக் கூடாது.) பழைய பொத்தான்களைத் தூக்கி மேல் மெனுவில் வெறும் எழுத்தாக வைத்தேன். போன் எண்ணும் அங்கேயே.

அப்புறம் தலைப்பு. போனில் கேட்ட கேள்விக்கான பதிலையே எழுதினேன்: 'இன்று மாலை 6 மணிக்குள் சொன்னால், நாளை காலை கேக் தயார்.' இதில் ஒரு வம்பு இருக்கிறது. மாலை 6:05க்கு வருகிறவருக்கு இது பொய். நேரம் பார்த்துத் தலைப்பை மாற்ற ஸ்கிரிப்ட் எழுதலாம். ஆனால் அது கடையின் நேரத்தைப் பார்க்க வேண்டும், வருகிறவரின் போன் நேரத்தை அல்ல. விடுமுறை நாளும் அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். இதையெல்லாம் பராமரிக்க ஆள் இல்லாததால் கடைசியில் 'முந்தின நாள் மாலை 6 மணிக்குள் சொன்னால் கேக் தயார்' என்று மாற்றினோம். சுவை கொஞ்சம் குறைவு, ஆனால் எந்த நேரத்திலும் உண்மை. பொத்தானிலும் 'நாளைக்கு' போய் 'கேக் சொல்ல' மட்டும் நின்றது.

படத்தில்தான் அதிகம் அடிபட்டேன். ஸ்லைடரை எடுத்துவிட்டு ஒரே படம்: ஒரு துண்டு வெட்டி எடுத்த கேக், உள்ளடுக்கு தெரிகிற மாதிரி. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழ வைத்து எடுத்தோம். நேராக ஃபிளாஷ் அடித்தால் கிரீமின் மடிப்பெல்லாம் தட்டையாகிப் பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடும். அதன்மேல் வெள்ளை எழுத்தை வைத்தேன். கிரீமும் வெள்ளை, எழுத்தும் வெள்ளை. சரி, படத்தின்மேல் கருப்புத் திரை போடலாம் என்று போட்டால் எழுத்து தெரிந்தது, கேக் பழைய கேக் மாதிரி ஆகிவிட்டது! எழுத்தைப் படத்துக்கு வெளியே எடுத்து வைத்ததும் இரண்டும் பிழைத்தன.

கணினியில் அழகாக இருந்த அகலப் படம், போனின் உயரமான கட்டத்தில் `object-fit: cover` நடுவை மட்டும் வைத்துக்கொண்டதால், வெட்டிய துண்டு வெளியே போய் வெறும் கிரீம் சுவராக நின்றது. போனுக்கென்று தனியாக உயரப் படம் ஒன்று எடுத்து இப்படிக் கொடுத்தேன்:

```html
<picture>
  <source media="(max-width: 600px)"
    srcset="cake-tall.jpg" width="800" height="1000">
  <img src="cake-wide.jpg" width="1600" height="900"
    alt="ஒரு துண்டு வெட்டிய சாக்லேட் கேக்"
    fetchpriority="high">
</picture>
```

இந்தப் படத்துக்கு மட்டும் `loading="lazy"` வேண்டாம். சில தளக் கருவிகள் எல்லாப் படத்துக்கும் தானாக அதை ஒட்டிவிடும். முதலில் வர வேண்டிய படம் தாமதமாக வரும். பக்கத்தின் பெரிய உருப்படி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் சொல்லும் அளவு. முதல் திரையில் அந்த உருப்படி பெரும்பாலும் இந்தப் படம்தான்.

இன்னொன்று, முதல் திரைக்கு `100vh` உயரம் கொடுத்துப் பொத்தானை அடியில் வைத்திருந்தேன். போன் பிரவுசரில் முகவரிப் பட்டை மறைந்திருக்கும்போது கிடைக்கும் உயரத்தைத்தான் அது பெரும்பாலும் கணக்கில் எடுக்கும். பக்கம் திறக்கும்போதோ பட்டை இருக்கும். பொத்தானின் கீழ்ப்பாதி திரைக்கு வெளியே போய்விடும். கணினியில் ஜன்னலைச் சுருக்கிப் பார்த்தால் இது தெரியவே தெரியாது. பட்டை இருக்கும்போது மிஞ்சும் உயரத்தை எடுக்கும் `100svh` என்று மாற்றி, படத்தைத் திரையின் பாதி உயரத்துக்குள் அடக்கினேன். பொத்தானுக்கு 48 பிக்சல் உயரம். மாவு ஒட்டிய விரலாக இருந்தாலும் தவறாது.

பிறகு உரிமையாளரின் பழைய போனை வாங்கி, திரையை நகர்த்தாமலே தலைப்பு, படம், பொத்தான் மூன்றும் ஒன்றாகத் தெரிகிறதா என்று பார்த்தேன். தெரிந்தது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "அந்த 'அன்போடு சுட்டது' எங்கே போச்சு?" அது இப்போது 'எங்கள் கதை' பக்கத்தின் தலைப்பு.